திரையில் மூன்று கருப்பு: அனெக்கோயிக், ஹைப்போஎக்கோயிக், போஸ்டீரியர் ஷேடோயிங்

அல்ட்ராசவுண்ட் திரையில் ஓரிடம் கருப்பாகத் தெரிந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒலி அங்கே போனது, ஆனால் அதைத் திருப்பி அனுப்ப அங்கே எதுவும் இல்லை. அல்லது திருப்பி அனுப்பியது, பக்கத்தில் இருப்பதைவிடக் குறைவாக. அல்லது ஒலியே அங்கே போய்ச் சேரவில்லை. முதலாவதை அனெக்கோயிக் என்கிறோம், இரண்டாவதை ஹைப்போஎக்கோயிக் என்கிறோம், மூன்றாவதை போஸ்டீரியர் ஷேடோயிங் என்கிறோம். கண்ணுக்கு மூன்றும் கருப்புதான். முதலாண்டில் இந்தச் சொற்கள் குழம்புவதற்குக் காரணமே அவற்றை நிறத்தின் பெயர்களாக மனப்பாடம் செய்வதுதான். அவை ஒலிக்கு என்ன ஆனது என்று சொல்லும் பெயர்கள்.

மூன்றையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம். நாற்பதைக் கடந்த ஒருவர், வலது மேல்வயிற்றில் வலி, ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. பித்தப்பை நன்றாக விரிந்திருக்கிறது. அதற்குள், அடிப்பக்கத்தில், 12 மி.மீ. அளவில் ஒரு கல். பித்தப்பையை ஒட்டிய கல்லீரலில் சுமார் 2 செ.மீ. அளவுக்கு ஒரு மங்கலான திட்டு. அன்றாடம் ஸ்கேன் அறையில் பார்க்கக்கூடிய படம்தான்.

பொதுவாக இருக்கும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். எக்கோ கிரேக்கச் சொல். கிரேக்கக் கதையில் எக்கோ ஒரு வனதேவதை. ஹீராவின் சாபத்தால், பிறர் பேசியதன் கடைசிச் சொற்களை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்தவள். நம் எதிரொலி என்ற சொல் கதை எதுவும் இல்லாமலே அதைச் சொல்லிவிடுகிறது: எதிரே பட்டுத் திரும்பும் ஒலி. அல்ட்ராசவுண்டில் ஒலி எங்கே பட்டுத் திரும்பும்? ஒலித்தடை மாறும் இடத்தில். ஒரு பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலி போகும் வேகத்தையும் பெருக்கினால் வருவது ஒலித்தடை. அடுத்தடுத்த இரண்டு பொருள்களுக்கு இது வேறுபட்டால் எதிரொலி பிறக்கும். வேறுபாடு அதிகமானால் எதிரொலியும் வலுக்கும்.

சரி, அனெக்கோயிக். இதில் அன் என்பது 'இல்லாத' என்ற பொருள் தரும் கிரேக்க முன்னொட்டு. எக்கோ உயிரெழுத்தில் தொடங்குவதால் அ என்பது அன் ஆனது. வடமொழியில் அநீதிக்கு அ-வும் அனாதிக்கு அன்-னும் வருவதும் இதே முறைதான். இந்தச் சொல் மருத்துவத்துக்கு வருமுன் ஒலியியலில் இருந்தது. சுவர் முழுக்க ஒலியை உறிஞ்சும் ஆப்புகள் பதித்த, எதிரொலியே எழாத அறைக்கு அந்தப் பெயர். லியோ பெரனெக் 1940களில் ஹார்வர்டில் அப்படிப்பட்ட அறையைக் கட்டியபோது இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அந்த அறையை நினைத்துக்கொண்டு பித்தப்பையைப் பார்க்கக் கூடாது. அறையில் எதிரொலி வராததற்குக் காரணம், சுவர் ஒலியை விழுங்கிவிடுகிறது. பித்தநீரில் எதிரொலி வராததற்குக் காரணம், அது ஒலியைத் தடுக்காமல் அப்படியே போகவிடுகிறது. உள்ளே முழுவதும் ஒரே மாதிரியான திரவம். ஒலித்தடை எங்கும் மாறவில்லை. திரும்ப எதுவும் இல்லை.

இதற்கு ஒரு சாட்சி படத்திலேயே இருக்கிறது. பித்தப்பையின் பின்சுவரையும் அதற்கு அப்பால் உள்ள திசுவையும் பாருங்கள். அதே ஆழத்தில் பக்கத்தில் இருக்கும் திசுவைவிட அது வெளிச்சமாக இருக்கும். மென்திசுவில் ஒலி ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஏறக்குறைய அரை டெசிபல் வலு இழக்கும். 4 மெகாஹெர்ட்ஸில் 3 செ.மீ. கல்லீரலைக் கடந்தால் 6 டெசிபல் போய்விடும். அதாவது செறிவில் கால் பங்குதான் மிஞ்சும். திரும்பி வரும் வழியிலும் அதே இழப்பு. இதை ஈடுகட்டத்தான் எந்திரத்தில் உள்ள டி.ஜி.சி. என்ற அமைப்பு, திரும்பி வரும் எதிரொலியைப் பெருக்கும் அளவான கெய்னை ஆழத்துக்கு ஏற்பக் கூட்டுகிறது. 3 செ.மீ. பித்தநீரைக் கடந்த ஒலியோ கிட்டத்தட்ட எதையும் இழக்கவில்லை. எந்திரத்துக்கு அது தெரியாது. எல்லாருக்கும் கூட்டியதுபோல இதற்கும் கூட்டுகிறது. அதனால் பின்னால் வெளிச்சம். கருப்பு வட்டம், மெல்லிய வழவழப்பான சுவர், பின்னால் வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால்தான் அதை எளிய திரவப் பை என்று நம்பலாம். கருப்பு நிறத்தை மட்டும் வைத்து நீர்க்கட்டி என்று எழுதக் கூடாது. அனெக்கோயிக் என்பது கண்டது. நீர்க்கட்டி என்பது முடிவு.

கெய்ன் இந்த இடத்தில் நிறையப் பேரை ஏமாற்றும். கூட்டி வைத்தால் பித்தநீருக்குள் பொய்ப் புள்ளிகள் நிறைந்து சேறு படிந்ததுபோல் தெரியும். குறைத்து வைத்தால் திடமான கட்டிகூட நீராகத் தெரியும். எனவே எதையும் அனெக்கோயிக் என்று சொல்லும் முன் அதே படத்தில் ரத்தக் குழாயையோ நிரம்பிய பித்தப்பையையோ பார்த்து, அது சுத்தக் கருப்பாகவும், கல்லீரல் நடுத்தரச் சாம்பல் நிறமாகவும் வரும்படி கெய்னை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்போஎக்கோயிக்கில் வரும் ஹைப்போ என்றால் கிரேக்கத்தில் கீழே. எதற்குக் கீழே என்ற கேள்வியை அந்தச் சொல் தன்னுடனேயே கொண்டுவருகிறது. பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. 'ஹைப்போஎக்கோயிக் கட்டி' என்று மட்டும் எழுதினால் பாதி வாக்கியம்தான். 'சுற்றியுள்ள கல்லீரலைவிட' என்று சேர்த்தால்தான் முழுமை. (சி.டி.யில் வரும் ஹைப்போடென்ஸையும் எம்.ஆர்.ஐ.யில் வரும் ஹைப்போஇன்டென்ஸையும் அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் கலந்துவிடாதீர்கள். அங்கே அளக்கப்படுவது வேறு.)

நம் படத்தில் பித்தப்பையை ஒட்டி இருந்த திட்டு இதற்கு அருமையான பாடம். கல்லீரலின் மற்ற பகுதியைவிட அது கருப்பு. உடனே கட்டி என்று மனம் சொல்லும். ஆனால் ஒப்பிடும் பொருளைக் கவனியுங்கள்: இந்தக் கல்லீரலில் கொழுப்பு படிந்து எதிரொலி கூடியிருக்கிறது. வலது சிறுநீரகத்தின் புறணியை அதனருகே வைத்துப் பார்த்தால் தெரியும். வழக்கமாக இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும், அல்லது புறணி சற்றே கருப்பாக இருக்கும். இங்கே கல்லீரல் பளிச்சென்று தனித்து நிற்கிறது. அப்படியானால் அந்தத் திட்டு கருத்துப் போகவில்லை, சுற்றிலும் வெளுத்துப் போயிருக்கிறது. கொழுப்பு படியாமல் தப்பிய சாதாரணக் கல்லீரல் அது. பித்தப்பைக் குழியை ஒட்டி இப்படித் தப்புவது மிகவும் வழக்கம். எப்படி உறுதிப்படுத்துவது? ஓரம் உருண்டையாக இல்லாமல் கோணலாக இருக்கும். கல்லீரலின் மேற்பரப்பை அது வெளியே தள்ளாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டுப் பார்த்தால் ரத்தக் குழாய்கள் வளையாமல் அதன் ஊடே நேராகப் போகும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு சொற்களுக்கும் இடையிலான கோடு சில இடங்களில் மிக மெலிது. லிம்போமா என்ற புற்றுநோய் வந்த நிணநீர்க் கணு உள்ளே ஒரே சீரான செல்களால் நிறைந்திருப்பதால் எதிரொலி மிகக் குறைவாக வரும். பின்னால் வெளிச்சம்கூடத் தெரியலாம். நீர்க்கட்டி போலவே இருக்கும். கெய்னைச் சற்றுக் கூட்டி, டாப்ளர் வைத்தால் உள்ளே ரத்த ஓட்டம் தெரியும். நீருக்குள் ரத்தக் குழாய் ஓடாது.

மூன்றாவது சொல்லுக்கு வருவோம். போஸ்டீரியர் லத்தீன், பின்னால் உள்ள, பின்னர் வருகிற என்று இரண்டு பொருளும் உண்டு. உடற்கூறியலில் அது முதுகுப் பக்கம். அல்ட்ராசவுண்டில் அப்படி இல்லை. உடலில் வைத்து ஒலியை அனுப்பும் கருவியான புரோபிலிருந்து பார்த்தால் பொருளுக்கு அப்பால் என்றுதான் அர்த்தம். முதுகில் புரோபை வைத்துச் சிறுநீரகக் கல்லைப் பார்த்தால் அதன் 'போஸ்டீரியர்' நிழல் வயிற்றுப் பக்கம் விழும். தமிழில் 'பின்புற நிழல்' என்று எழுதுவதை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். 'பின் ஒலிநிழல்' என்றால் சரியாக இருக்கும். பின் என்ற நம் சொல்லில் இடமும் உண்டு, காலமும் உண்டு. எந்திரம் ஆழத்தைக் கணக்கிடுவதே காலத்தை வைத்துத்தான்: ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று எடுத்துக்கொண்டு, 13 மைக்ரோவிநாடி தாமதத்துக்கு 1 செ.மீ. ஆழம் என்று வரைகிறது. கல்லுக்குப் பின்னர் வந்திருக்க வேண்டிய எதிரொலிகள் வராத இடம்தான் அந்த நிழல்.

நம் 12 மி.மீ. கல்லின் மேல்விளிம்பில் ஒரு வெள்ளை வில் தெரியும். அதன் கீழே ஓரம் கத்தரித்தாற்போல ஒரு கருப்புப் பட்டை. கல் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, மீதியை விழுங்கிவிடுகிறது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் கல் உருளும், நிழலும் கூடவே நகரும். இதைச் செய்யாமல் கல் என்று எழுத வேண்டாம். பித்தப்பைச் சுவரில் ஒட்டி வளரும் பாலிப் நகராது, நிழலும் தராது. பக்கத்தில் முன்சிறுகுடலில் இருக்கும் வாயுவும் வெள்ளையாகத் தெரிந்து நிழல் தரும். ஆனால் அந்த நிழல் சாம்பல் பூசியதுபோலக் கலங்கலாக இருக்கும், சற்றுப் பொறுத்துப் பார்த்தால் குடல் அசைவும் தெரியும். பித்தப்பையின் கழுத்தருகே வளைந்த சுவரின் விளிம்பிலிருந்தும் ஒரு மெல்லிய நிழல் இறங்கும். அது ஒலி வளைந்து விலகுவதால் வருவது. நிழல் தொடங்கும் இடத்தில் வெள்ளை வில் இல்லை, புரோபின் கோணத்தை மாற்றினால் நிழலும் போய்விடும் என்றால் அதுதான் இது.

சின்னக் கற்கள் படுத்தும். 3 மி.மீ.க்கும் குறைந்த கல் ஒலிக்கற்றையின் அகலத்தைவிடச் சிறியதாகிவிட்டால், ஒலி இரு பக்கமும் தாண்டிப் போய் நிழலை நிரப்பிவிடும். அப்போது ஃபோகஸைக் கல்லின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள், அதிர்வெண்ணைக் கூட்டுங்கள், ஹார்மோனிக்கைப் போடுங்கள். அப்புறம் காம்பவுண்டிங்கை அணைத்துப் பாருங்கள். அது பல கோணங்களிலிருந்து ஒலி அனுப்பிப் படத்தை அழகாக்குவதால் நிழலை மங்கவைக்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால் சிதறிக் கிடக்கும் பொடிக் கற்கள் ஓரிடத்தில் சேர்ந்து, தனித்தனியே தராத நிழலைச் சேர்ந்து தருவதும் உண்டு.

தமிழில் அனெக்கோயிக்குக்கு 'எதிரொலியற்ற' என்பது பிசிறில்லாமல் பொருந்துகிறது. ஹைப்போஎக்கோயிக்குக்கு 'குறை எதிரொலி' என்பதைவிட 'எதிரொலி குறைந்த' நல்லது. நோயாளியின் காதில் குறை என்ற சொல் விழுந்தால் உறுப்பில் ஏதோ குறை என்றுதான் கேட்கும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் படத்தைக் காட்டி விளக்கும்போது இந்தச் சொற்கள் கைகொடுக்கும். நம் நோயாளியின் படத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: பித்தப்பை விரிந்துள்ளது, உள்ளே எதிரொலியற்ற பித்தநீர். அதனுள் 12 மி.மீ. அளவில், படுக்கை மாற்றினால் நகரும், தெளிவான பின் ஒலிநிழல் தரும் ஒரு கல். கல்லீரல் எதிரொலி மிகுந்துள்ளது. பித்தப்பைக் குழியை ஒட்டிச் சுற்றியுள்ள கல்லீரலைவிட எதிரொலி குறைந்த, கோணலான ஓரமுள்ள 2 செ.மீ. பகுதி, ரத்தக் குழாய்கள் வளையாமல் அதைக் கடந்து செல்கின்றன.