மரை ஏறிவிட்டால் இணைந்துவிட்டதா?

ஆன்டெனா மாட்டியும் சிக்னல் இல்லை என்று இந்த மாதம் ஏற்காட்டில் என்னைக் கூப்பிட்ட மூன்றாவது வீடு இது. காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு, ஒரு பக்கம் முழுக்க மலைச்சரிவு. 4ஜி ரவுட்டரின் சொந்த ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, கூரைமேல் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். "இருந்த சிக்னலும் போச்சுங்க தம்பி, ஆன்டெனா டூப்ளிகேட் போலிருக்கு" என்றார் பெரியவர்.

ஆன்டெனாவில் குறையே இல்லை. ரவுட்டரில் இருந்தது எஸ்எம்ஏ சாக்கெட், நடுவில் துளை. வாங்கி வந்த கேபிளின் முனை ஆர்பி-எஸ்எம்ஏ, வைஃபை ஆன்டெனாவுக்கு வருவது. அதற்கும் நடுவில் துளைதான். துளையும் துளையும் எப்படித் தொடும்? ஆனால் இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் அழகாக முறுகி ஏறிவிடும். "நல்லா டைட்டா ஏறுதுங்களே" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். மரை, கனெக்டரைப் பிடித்து நிறுத்தத்தான். சிக்னல் போவது நடு ஊசி வழியாக. இந்த சாக்கெட்டுக்கு வரும் முனையில் ஊசி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து RSRP எண்ணைப் பாருங்கள். டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதுதான் அது, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. பழைய ஆன்டெனாவில் -106 இருந்தது, கூரை ஆன்டெனாவில் -114. கேபிளைக் கழற்றினேன், அப்போதும் -114. கழற்றியும் எண் மாறவில்லை என்றால் அது இணையவே இல்லை.

சரியான முனை போட்டதும் -107 வந்தது. இவ்வளவு செலவுக்கு இதுவா? அடுத்த குற்றவாளி கேபிள். பென்சிலைவிட மெல்லிய ஆர்ஜி-174, 10 மீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல் தின்னும், ஆக 15 போச்சு. ஆன்டெனா கொடுப்பதே 9தான். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளாக இருந்தால் அதே தூரத்துக்கு 2 டெசிபெல்தான் போகும். மாற்றியதும் -95.

தடித்த கேபிளை நேராக ரவுட்டரில் மாட்டாதீர்கள், அதன் விறைப்பு சாக்கெட்டைப் பெயர்த்துவிடும். பிக்டெயில் அதற்காகத்தான்: 20 சென்டிமீட்டர் மெல்லிய கேபிள், ஒரு முனை எஸ்எம்ஏ, மறுமுனையில் தடித்த கேபிளுக்கான என்-டைப். அதை 10 மீட்டருக்கு நீட்டி வாங்கிவிட்டு ஆன்டெனாவைத் திட்டுவது நியாயமில்லை.

கையடக்க ரவுட்டர்களில் மரையே இருக்காது. டிஎஸ்-9 அல்லது சிஆர்சி-9, அழுத்தி மாட்டுவது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாடல் எண்ணை வைத்து எது என்று பார்த்து வாங்குங்கள், தயவுசெய்து பலமாக அழுத்தாதீர்கள். சாக்கெட் விரிந்தால் போர்டைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், மலையில் பனிமூட்டம் கனெக்டருக்குள் புகுந்துவிடும். வெளியே உள்ள இணைப்பில் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஜன்னலில் நுழையும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுவாருங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.