சரிந்த வருமானமும் சரியாத ஒப்பந்தங்களும்: கால்பந்து லீக்கில் ஒரு படி இறங்கினால் என்ன ஆகிறது?

2017 ஏப்ரல் 29 அன்று சண்டர்லாந்து அணி தன் சொந்த மைதானத்தில் போர்ன்மத்திடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அந்தக் கோல் விழுந்தது ஆட்டத்தின் 88ஆவது நிமிடத்தில். இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரிமியர் லீக்கில் தொடர்ந்து பத்துப் பருவங்கள் ஆடியிருந்த அந்தச் சங்கம் அன்றோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதியாயிற்று. ஆட்டக்காரர்கள், மைதானம், ரசிகர்கள் எல்லாம் முன்பு இருந்தபடியே இருந்தாலும், அடுத்த பருவத்தில் சங்கத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. ஏன் இவ்வளவு பெரிய சரிவு என்பதையும், அதைச் சமாளிக்க லீக் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு பிற சங்கங்களை என்ன செய்கிறது என்பதையும் பார்க்கலாம்.

அமைப்பு எளிமையானதுதான். பிரிமியர் லீக்கில் 20 சங்கங்கள். பருவ முடிவில் புள்ளிப் பட்டியலின் கடைசி மூன்றும் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்குகின்றன. சாம்பியன்ஷிப்பில் 24 சங்கங்கள்; அங்கே முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவை நேரடியாக மேலே போகின்றன. மேலேறும் மூன்றாவது சங்கம் எது என்பதைப் பிளே-ஆஃப் எனப்படும் குறுந்தொடர் தீர்மானிக்கிறது. இங்கே நாம் பேசும் பருவங்களில் மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை வந்த நான்கு அணிகள் அதில் மோதி, வெம்பிளியில் நடக்கும் இறுதி ஆட்டத்தில் வெல்வது மேலேறியது. சாம்பியன்ஷிப்புக்குக் கீழே லீக் ஒன், லீக் டூ, அவற்றுக்கும் கீழே நேஷனல் லீக் என்று ஏணி நீள்கிறது.

ஏணியின் படிகள் சம உயரமாக இருந்தால் இதில் பெரிய சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையே இருப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் தொலைக்காட்சி உரிமைப் பணம். 2016-17 பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த சண்டர்லாந்துக்கே பிரிமியர் லீக் மொத்தம் சுமார் 9.3 கோடி பவுண்டு கொடுத்தது. அதில் பெரும்பகுதி எல்லாச் சங்கங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும் பங்கு: உள்நாட்டு ஒளிபரப்பிலிருந்து சுமார் 3.5 கோடி, வெளிநாட்டு ஒளிபரப்பிலிருந்து சுமார் 3.9 கோடி. எத்தனை ஆட்டங்கள் நேரலையில் காட்டப்பட்டன என்பதைப் பொறுத்த தொகையும், லீக்கின் விளம்பர வருவாயில் ஒரு பங்கும், பட்டியலில் பிடித்த இடத்துக்கான தொகையும் அதற்கு மேல். கடைசி இடத்துக்கான பரிசு 20 லட்சம் பவுண்டைக்கூட எட்டவில்லை. அதாவது, எப்படி ஆடினார்கள் என்பதைவிட எந்தப் பிரிவில் ஆடினார்கள் என்பதற்குத்தான் பணம். அப்போது சாம்பியன்ஷிப்பில் சாதாரணமாக ஆடிய ஒரு சங்கத்துக்கு ஒளிபரப்பு வழியாகக் கிடைத்தது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வருமானம் ஒரே நாளில் இறங்கிவிடுகிறது. செலவு இறங்குவதில்லை என்பதுதான் தரமிறக்கத்தின் உண்மையான தொல்லை. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு எழுதப்படுகின்றன. சங்கம் எந்தப் பிரிவில் இருந்தாலும் வாரச் சம்பளத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். கணக்குப் புத்தகத்தில் இன்னொரு சுமையும் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரரை 2 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், அந்த விலை ஆண்டுக்கு 40 லட்சமாகப் பிரித்துச் செலவில் எழுதப்படும். இரண்டாண்டு கழித்துச் சங்கம் தரமிறங்கும்போது ஏட்டில் அவருடைய மதிப்பு 1.2 கோடி. அவசரத்தில் விற்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்ட நிலையில் யாராவது 80 லட்சத்துக்குத்தான் கேட்பார்கள். விற்றால் கையில் பணம் வரும், ஆனால் ஏட்டில் 40 லட்சம் நட்டம். விற்காவிட்டால் சம்பளமும் அந்த ஆண்டுச் செலவும் தொடரும்.

2017 கோடையில் சண்டர்லாந்துக்கு நேர்ந்ததை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். கோல்காப்பாளர் ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்ட்டன் 2.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பின்னால் சில நிபந்தனைகள் நிறைவேறினால் அது 3 கோடியாகும். பிக்ஃபோர்ட் சண்டர்லாந்தின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர் என்பதால் ஏட்டில் அவருக்கு விலையே கிடையாது. வந்த தொகை முழுவதும் இலாபம். நெருக்கடியில் இருக்கும் சங்கங்கள் தாங்களே வளர்த்த பிள்ளைகளை முதலில் விற்பதற்கு இதுவே காரணம். அதே கோடையில், முந்தைய பருவத்தில் அணிக்காக மிகுதியான கோல்களை அடித்த ஜெர்மெய்ன் டிஃபோ ஒரு காசும் பெற்றுத்தராமல் போர்ன்மத்துக்குப் போனார். அணி இறங்கினால் இலவசமாக விலகலாம் என்ற நிபந்தனை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. இதற்கு நேர்மாறானது ஜாக் ராட்வெல்லின் கதை. 2014இல் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். அணி இறங்கினால் சம்பளம் குறையும் என்ற வாசகம் அவருடைய ஒப்பந்தத்தில் இல்லை என்றும், வாரம் சுமார் 70,000 பவுண்டு சாம்பியன்ஷிப்பிலும் தொடர்ந்தது என்றும் பரவலாகச் செய்தி வந்தது. அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. நீட்டிய தாளில் அவர் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். பிரச்சினை, இறங்கும் நாள் வரவே வராது என்று எண்ணி அந்தத் தாளை எழுதியவர்களுடையது. இன்று இறங்கும் அபாயமுள்ள பெரும்பாலான சங்கங்கள் தரமிறக்கச் சம்பளக் குறைப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன.

இந்த இடைவெளியைத் தாங்கத்தான் பாராசூட் தொகை என்ற ஏற்பாடு. இறங்கிய சங்கத்துக்கு, பிரிமியர் லீக்கின் சமப்பங்கில் முதலாண்டு 55 விழுக்காடும், இரண்டாமாண்டு 45 விழுக்காடும், மூன்றாமாண்டு 20 விழுக்காடும் தொடர்ந்து வரும். மேலே ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு உடனே இறங்கிய சங்கத்துக்கு மூன்றாமாண்டுத் தொகை கிடையாது. 2016-17இன் சமப்பங்கு சுமார் 7.4 கோடி என்பதால், அதே அளவில் வைத்துக் கணக்கிட்டால் முதலாண்டில் ஏறக்குறைய 4.1 கோடியும், அடுத்து 3.3 கோடியும், பிறகு 1.5 கோடியும் வரும். மூன்றாண்டுக்குள் பழைய ஒப்பந்தங்கள் முடிந்துவிடும், செலவு வருமானத்தின் அளவுக்கு வந்துவிடும் என்பதுதான் இதன் தர்க்கம்.

சண்டர்லாந்து விஷயத்தில் அந்தப் பாராசூட் விரிந்தும் பயனில்லை. 10 கோடி பவுண்டுக்கு மேல் கடன் ஏறியிருந்தது. உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் மேலும் பணம் போடும் மனநிலையில் இல்லை. அணியில் மிச்சமிருந்தவர்கள் சாம்பியன்ஷிப்பின் 46 ஆட்டங்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். 2018 ஏப்ரல் 21 அன்று பர்ட்டன் ஆல்பியனிடம் 2-1 எனத் தோற்று, அந்தப் பிரிவிலும் கடைசி இடத்தோடு லீக் ஒன்னுக்கு இறங்கியது. ஷார்ட் கடன்களைத் தானே ஏற்றுக்கொண்டு சங்கத்தை விற்றுவிட்டு வெளியேறினார். சுமார் 49,000 பேர் அமரக்கூடிய மைதானத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் பிரிவில் நான்கு பருவங்கள் கழிந்தன.

இறங்கியவரைக் காக்கும் இதே தொகை, இறங்காதவரை வதைக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். ஒரே பிரிவில் ஒருவருக்கு 4 கோடி கூடுதலாக வரும்போது, மற்றவர் அவரோடு போட்டியிட ஒரே வழி, உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்து எடுப்பதுதான். சாம்பியன்ஷிப் சங்கங்களின் மொத்தச் சம்பளச் செலவு பல பருவங்களில் அவற்றின் மொத்த வருமானத்தையே தாண்டியிருக்கிறது. வேறு எந்தத் தொழிலிலும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். இங்கே மேலேறினால் எல்லாம் ஈடாகிவிடும் என்ற நம்பிக்கை அதைத் திட்டம் என்று அழைக்க வைக்கிறது. மூன்றாண்டுகளில் 3.9 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்ற வரம்பைக் கீழ்ப் பிரிவுகளை நடத்தும் ஈ.எஃப்.எல். அமைப்பு வைத்திருந்தது. வரம்பு வந்ததும் கணக்கு எழுதும் கலையும் வளர்ந்தது.

டெர்பி கவுண்ட்டி அதற்குச் சான்று. 2018இல் அந்தச் சங்கம் தன் மைதானத்தைத் தன் உரிமையாளரின் நிறுவனத்துக்கே சுமார் 8.1 கோடி பவுண்டுக்கு விற்று அந்த ஆண்டின் கணக்கில் இலாபம் காட்டியது. முன்பு சொன்ன, ஆட்டக்காரர் விலையைச் சம ஆண்டுத் தவணைகளாகச் செலவெழுதும் முறையையும் அது மாற்றிக்கொண்டது. ஒப்பந்தக் காலத்தின் பின்பகுதியிலும் ஆட்டக்காரருக்கு நல்ல மறுவிற்பனை மதிப்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டதால், தொடக்க ஆண்டுகளில் செலவு சிறுத்துத் தெரிந்தது. 2019 பிளே-ஆஃப் இறுதியில் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1 எனத் தோற்றபோது அந்தப் பந்தயம் கைநழுவியது. 2021 செப்டம்பரில் சங்கம் திவால் நிர்வாகத்தின் கீழ் போயிற்று. அதற்காக 12 புள்ளிகளும், கணக்கு மீறல்களுக்காக நவம்பரில் மேலும் 9 புள்ளிகளும் கழிக்கப்பட்டன. பருவ முடிவில் டெர்பியின் கையில் இருந்தவை 34 புள்ளிகள். கழிக்கப்பட்ட 21 புள்ளிகளும் சேர்ந்திருந்தால் அது இறங்கியிராது.

சண்டர்லாந்து 2022இல் லீக் ஒன் பிளே-ஆஃபில் வென்று ஒரு படி ஏறியது. 2024-25இல் சாம்பியன்ஷிப்பில் 76 புள்ளிகளோடு நான்காவதாக முடித்தது. மூன்றாவதாக வந்த ஷெஃபீல்ட் யுனைட்டெட் 90 புள்ளிகளோடு முடித்திருந்தது. முந்தைய ஆண்டுதான் மேலிருந்து இறங்கியிருந்ததால் அதன் கணக்கில் பாராசூட் தொகையும் இருந்தது. பட்டியலில் இருந்த 14 புள்ளி வித்தியாசம் வெம்பிளியில் செல்லாது. 2025 மே 24 அன்று அங்கே அதே ஷெஃபீல்ட் யுனைட்டெட்டுக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியில், 90 நிமிடம் முடிந்தபின் இழந்த நேரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் டாம் வாட்சன் அடித்த கோலால் சண்டர்லாந்து 2-1 என வென்றது. அந்த வாட்சனை பிரைட்டனுக்கு விற்க ஏற்கெனவே ஒப்பந்தம் முடிந்திருந்தது. மேலேறாவிட்டால் அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கும். அந்த ஒரு வெற்றியின் மதிப்பு, மறுபருவமே இறங்கினாலும் பாராசூட் தொகை உட்பட மூன்றாண்டுகளில் 20 கோடி பவுண்டு அளவில் இருக்கும் என டெலாய்ட் நிறுவனம் கணித்தது.

இந்த மதிப்பை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய இரண்டு பருவங்களில், 2023-24இலும் 2024-25இலும், மேலேறிய மூன்று சங்கங்களும் அதே பருவத்திலேயே திரும்ப இறங்கின. ஆகவே புதிதாக ஏறிய சங்கத்துக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி. ஒன்று, கைக்கு வரும் பணத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு, இறங்கினாலும் பாதகமில்லை என்று ஆடுவது. மற்றொன்று, பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு வாங்கிக் குவிப்பது. சண்டர்லாந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது: அந்தக் கோடையில் கிரானிட் ஷாக்கா உள்ளிட்டவர்களுக்காக 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. பிரிமியர் லீக்கில் இடம் உறுதியாக இருந்ததோ ஒரே பருவத்துக்கு. வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை மீண்டும் பல ஆண்டு ஒப்பந்தங்கள்.