விற்கும் நாள் வரை முட்டை புதிதாக இருக்க

20 கோழிகள் வளர்க்கும் ஒருவர், ஒரு வாரம் சேர்த்து விற்கும் முட்டைகளில் சிலவற்றின் வெண்கரு தண்ணீராக ஓடுவதாக வாங்குபவர்கள் குறைசொல்கிறார்கள் என்று என்னிடம் வந்தார். கால்நடை மருத்துவராக முதலில் தீவனத்தையும் கோழிகளின் உடல்நலத்தையும் பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. காலையில் இட்ட முட்டைகளை அவர் மாலையில் ஒரே முறைதான் எடுத்துவந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கோழியின் உடற்சூட்டோடு, அதாவது சுமார் 41 டிகிரி செல்சியஸில், வெளிவரும் முட்டை ஆறும்போது உள்ளிருப்பவை சுருங்கி, அகன்ற முனையில் காற்றறை உருவாகிறது. அதன்பின் ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயுவும் ஈரமும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. வாயு வெளியேற வெளியேற வெண்கருவின் காரத்தன்மை கூடி, அதன் கெட்டியான பகுதி நீர்த்துப்போகிறது. ஈரம் குறையக் குறையக் காற்றறை பெரிதாகிறது. சூடு இவை இரண்டையும் விரைவுபடுத்துவதால், வெக்கையான கூண்டில் பகல் முழுவதும் கிடந்த முட்டை, குளிர்ந்த இடத்தில் பல நாள் இருந்த முட்டையைவிடத் தளர்ந்திருக்கக்கூடும். சேவலோடு திரியும் கோழிகளின் முட்டை என்றால், அந்தச் சூட்டில் கரு வளரத் தொடங்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே ஒரு நாளில் இரண்டு, மூன்று முறை முட்டை எடுக்கவும், அகன்ற முனை மேலிருக்குமாறு அட்டையில் அடுக்கி, தேதியைப் பென்சிலால் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் சொன்னேன். ஒருமுறை குளிரில் வைத்த முட்டையை விற்கும்வரை வெளியே எடுத்து எடுத்து வைக்கக்கூடாது, ஏனெனில் வெளிக்காற்று பட்டதும் ஓட்டில் வியர்க்கும் நீரோடு கிருமிகள் துளைகளுக்குள் புக வழி கிடைக்கிறது. இதே காரணத்தால் குளிர்ந்த நீரில் கழுவுவதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன்: உள்ளிருப்பது சுருங்கும்போது அழுக்கு நீரை முட்டையே உள்ளிழுத்துக்கொள்ளும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் அந்த வேலையும் குறையும்.

தரம் பிரிப்பதற்கு இருட்டறையும் ஒரு சிறிய டார்ச்சும் போதும். அகன்ற முனையில் விளக்கை ஒட்டிப் பிடித்தால் காற்றறையின் விளிம்பு தெரியும். அதன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிகப் புதியது, 5 மில்லிமீட்டர் வரை நல்லது என்று கொள்ளலாம். முட்டையை மெல்லச் சுழற்றும்போது மயிரிழை விரிசல் வெள்ளைக் கோடாக ஒளிரும், இரத்தப்புள்ளி கருஞ்சிவப்பாகத் தோன்றும், மஞ்சள் கரு தடையின்றி ஓடினால் வெண்கரு நீர்த்திருக்கிறது என்று அறியலாம். நீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை விற்பனை முட்டைகளில் செய்யவேண்டாம். அது ஓட்டை நனைத்துவிடும். எடைவாரியாகப் பிரிப்பது இதற்கெல்லாம் பிறகுதான், ஏனெனில் எடை புதுமையைக் காட்டாது.

அவருடைய அட்டைகளை அன்றே விளக்கில் பார்த்தோம். ஒரே தேதியிட்ட முட்டைகளிலும் காற்றறை சிறிதும் பெரிதுமாக இருந்தது. காலையில் இட்டதும் மாலையில் இட்டதும் ஒரே அட்டையில் கலந்திருந்தன. காற்றறை பெரிதாக இருந்தவற்றை உடனே சமைக்க வீட்டுக்கு ஒதுக்கினார். விரிசல் கண்டவற்றை எவருக்கும் விற்காமல், கசியாதவற்றை மட்டும் அன்றே நன்கு வேகவைத்துப் பயன்படுத்தச் சொன்னேன், கசிந்திருந்தவற்றை எறிந்துவிட்டோம்.