வரிப் பிடித்தம்: 'மூலத்தில் கழிவு' என்று எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் வீட்டு உள்ளலங்கார வேலையைத் தனியாக எடுத்துச் செய்யும் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நாற்பதாயிரத்துக்குப் பில் போட்டேன். முப்பத்து நாலாயிரம்தான் வந்திருக்கு. கேட்டா 'மூல வரிக் கழிவு'ன்னு தமிழ்ல ஒரு தாள் அனுப்பியிருக்காங்க. பதினஞ்சு சதவீதம் கழிவு கொடுக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் மேல் தப்பே இல்லை. தமிழில் கழிவு என்றால் என்ன? புத்தகக் கண்காட்சிக்குப் போனால் கடைக்குக் கடை '10% கழிவு' என்று தொங்குகிறது. விற்பவர் விலையில் விட்டுக்கொடுத்த தொகை அது. கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வராது. இன்னொரு பக்கம், குப்பையும் சாக்கடை நீரும் கழிவு. இரண்டிலும் பொருள் ஒன்றே: போய்விட்டது. ஆனால் அந்தத் தாள் சொல்வது டிடிஎஸ், அதாவது 'டாக்ஸ் டிடக்டட் அட் சோர்ஸ்': பணம் தருகிறவரே ஒரு பங்கை நிறுத்தி வரியாகக் கட்டுவது. அந்தத் தொகை அப்படிப் போய்விடுவதே இல்லை. அது இவருடைய பணம், இவர் பெயரில், இவருடைய பான் எண்ணில் வருமான வரித் துறையிடம் இருக்கிறது. அதைக் 'கழிவு' என்று எழுதினால் படிப்பவருக்குப் போய்ச் சேருவது நேர் எதிரான செய்தி.

பிறப்பு வரலாறு சுருக்கமானதுதான். 'டிடக்ட்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் 'அப்பால் கொண்டுபோதல்' என்ற பொருளில் கிளம்பி, 'ஒன்றிலிருந்து எடுத்துவிடுதல்' என்று நின்றது. அகராதியைத் திறந்தவர் 'கழி' என்று பார்த்திருப்பார், 'கழிவு' என்று எழுதியிருப்பார். 'சோர்ஸ்' என்பதற்கு 'மூலம்'. வேலை முடிந்தது.

ஆனால் வருமான வரியில் அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆயுள் காப்பீட்டுத் தவணை, வருங்கால வைப்பு நிதி இவற்றையெல்லாம் காட்டி வரிக்குரிய வருமானத்தைக் குறைத்துக்கொள்கிறோமே, அது ஒன்று. அங்கே வருமானத்திலிருந்து ஒரு தொகை உண்மையிலேயே கழிகிறது, ஆகவே 'கழிவு' அங்கே பொருந்தும். டிடிஎஸ் வேறு. இதில் வருமானம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பணம் தருகிறவர் ஒரு பங்கை நிறுத்தி, நமக்காக வரியாகக் கட்டுகிறார், அவ்வளவுதான். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ஒரு பையில் போட்டுக் குலுக்க வேண்டுமா? சில செய்திகளில் இது 'வரி விலக்கு' என்றே வருகிறது. வரி பிடித்தார்கள் என்பதும் வரியிலிருந்து விட்டார்கள் என்பதும் ஒன்றாகிவிட்டன. கேட்டால் மொழிபெயர்ப்பு என்பார்கள்.

சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். 'சம்பளத்தில் பிடித்தம்' என்று எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறோம். மில் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சங்கச் சந்தா, கூட்டுறவுக் கடன் தவணை, பி.எஃப். எல்லாமே பிடித்தம்தான். பிடித்தால் அது எங்கேயோ ஒரு கணக்கில் ஏறும் என்பது கேட்பவருக்குத் தானாகத் தெரியும். யார் கணக்கில், எவ்வளவு ஏறியது என்பதுதான் அடுத்த கேள்வி. டிடிஎஸ்ஸிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. ஆக, வரிப் பிடித்தம்.

'மூலத்தில்' எங்கே என்பார்கள் தூய்மைக்காரர்கள். தேவையில்லை. கையில் கொடுத்த பிறகு பிடிப்பதற்குப் பெயர் பிடித்தம் இல்லை, வசூல். கொடுப்பதற்கு முன்பே, கொடுக்கிற இடத்திலேயே என்பது 'பிடித்தம்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. மூலம் என்று தனியாக எழுதினால், 'வழியாக' என்று படிப்பவர் ஒருவர், ஜாதகத்தை நினைப்பவர் ஒருவர், மருத்துவரை நினைப்பவர் ஒருவர். 'ஆதாரத்தில் வரிக் கழிவு' என்றும் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஆதார் அட்டையைத் தேடினால் குற்றம் சொல்ல முடியாது.

சரி, கோவைக் கணக்குக்கு வருவோம். இது 2025-26 நிதியாண்டுக் கணக்கு, பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. உள்ளலங்காரம் 194J பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் தொழில்களில் ஒன்று. பிடித்தம் 10 சதவீதம். 15 சதவீதம் என்று ஒரு விகிதமே அதில் கிடையாது. அப்படியென்றால் ஏமாற்றினார்களா? பழைய பில்களையும் எடுக்கச் சொன்னேன். அதே கட்டுமான நிறுவனத்துக்கு ஏப்ரலில் 20,000 ரூபாய்க்கு ஒரு பில் போயிருக்கிறது, பணம் முழுசாக வந்திருக்கிறது. ஜூலையில் 40,000.

காரணம் வரம்பு. ஒரு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் ஆண்டில் தருவது 50,000 ரூபாயைத் தாண்டாதவரை இந்தப் பிரிவில் பிடிக்க வேண்டாம் (2025 மார்ச் வரை அது 30,000). தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டும் பிடித்தால் போதாது, அந்த ஆண்டின் மொத்தத்துக்கும் பிடிக்க வேண்டும். ஏப்ரலில் பிடிக்காமல் விட்டதையும் சேர்த்து, 60,000 ரூபாய்க்கு 6,000 ரூபாயை ஜூலை பில்லில் பிடித்துவிட்டார்கள். 40,000 ரூபாயை மட்டும் வைத்துப் பார்த்தால் 15 சதவீதம்போல் தெரிகிறது. கணக்கு சரி, சொல்லிய விதம்தான் மோசம்.

குறைத்துக் கொடுத்த தொகை பில் தொகையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது முதல் வேலை. 10 வந்தால் 194J. 2 வந்தால் தொழில்நுட்பச் சேவை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். தனிநபருக்கு 1 வந்தால் ஒப்பந்த வேலை என்று 194C-யில் போட்டிருப்பார்கள். 20 வந்தால் பெரும்பாலும் பான் எண் அவர்களிடம் இல்லை அல்லது தவறாக இருக்கிறது, உடனே சரிசெய்யச் சொல்ல வேண்டும். எதிலும் ஒட்டாவிட்டால் முந்தைய பில்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒட்டவில்லை என்றால்தான் சண்டைக்குப் போக வேண்டும். ஜிஎஸ்டி போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம்: பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் அடிப்படைத் தொகைக்கு மட்டும்தான், ஜிஎஸ்டிக்குப் பிடிக்கக் கூடாது.

அப்புறம் கணக்கில் எழுதுவது. அந்தப் பெண் வங்கியில் வந்ததை மட்டும் வருமானமாக எழுதி வைத்திருந்தார்: 20,000-மும் 34,000-மும் சேர்ந்து 54,000. 'கழிவு' என்ற சொல் செய்த வேலை இது. தள்ளுபடி கொடுத்தவர் அப்படித்தானே எழுதுவார்? எழுத வேண்டியது வருமானம் 60,000. அதில் வங்கிக்கு வந்தது 54,000, வரிப் பிடித்தமாக வரித் துறையிடம் இருப்பது 6,000. இந்த ஆறாயிரத்துக்கு நோட்டில் தனிப் பத்தி வேண்டும். உள்ளலங்காரம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் 44ADA முறையை எடுத்தாலும் பாதி போடுவது 60,000 ரூபாய்க்குத்தான், 54,000 ரூபாய்க்கு இல்லை.

பிடித்தது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்தது. ஜூலையில் பிடித்ததை நிறுவனம் ஆகஸ்ட் 7-க்குள் கட்ட வேண்டும். ஆனால் யாருக்காகக் கட்டினோம் என்ற விவரம் காலாண்டு அறிக்கையில்தான் போகும். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கு அக்டோபர் 31 கெடு. அதனால் ஆகஸ்டில் வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் ஏறிய வரியைக் காட்டும் 26AS அறிக்கையைத் திறந்து, காணோமே என்று பதற வேண்டாம். நவம்பரில் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர், பிரிவு, தொகை, பிடித்த வரி எல்லாம் அதில் இருக்கும். நிலை என்ற இடத்தில் `F` இருந்தால் கட்டிய பணத்தோடு பொருந்திவிட்டது. `U` என்றால் பொருந்தவில்லை. நவம்பர் நடுவில் நிறுவனம், வரி பிடித்ததற்குச் சான்றான படிவம் 16A தர வேண்டும், கேட்டு வாங்கலாம்.

நவம்பர் கழிந்தும் ஒன்றும் இல்லையென்றால், அறிக்கை போகவில்லை, அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி வேறு யாருக்கோ போயிருக்கிறது. அவர்கள் திருத்த அறிக்கை போட்டால்தான் சரியாகும். பில் எண், தேதி, தொகை, பிடித்தது, பான் ஐந்தையும் எழுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலை கொடுத்த மேலாளருக்கு அனுப்பினால் 'பார்க்கிறேன்' என்று மட்டும் பதில் வரும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், அந்தத் தொகையை உங்களிடம் நேராகக் கேட்கக் கூடாது என்கிறது 1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவு. பில், வங்கிப் பதிவு, அந்த மின்னஞ்சல் இவைதான் அப்போது சாட்சி. ஆனாலும் 26AS-இல் இல்லாததைத் தளம் தானாக ஏற்றுக்கொள்ளாது, இழுக்கும்.

பிடித்த தொகை வரிக் கணக்கில் உங்கள் பக்கம் ஏறுவதைச் சிலர் 'வரிக் கடன்' என்று எழுதுகிறார்கள். 'கிரெடிட்' என்றால் கடன் என்று மட்டும் தெரிந்தவர் செய்தது. யார் யாருக்குக் கடன் பட்டார்கள்? வரவு என்ற சொல் பேரேட்டிலேயே இருக்கிறது. வரி வரவு என்றால் போதும். இந்தப் பெண்ணின் ஆண்டு வருமானம் புதிய வரிமுறையில் வரி வராத 12 லட்சத்துக்குள்தான். எனவே அந்த 6,000 ரூபாயும் திரும்ப வரும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால். 'கழிவு' என்று நம்பியவர் எதற்குத் தாக்கல் செய்யப்போகிறார்?

மார்ச் பில்லில் மட்டும் ஒரு சிக்கல். மார்ச்சில் 30,000 ரூபாய்க்குப் பில் போனால், நிறுவனம் அந்த மாதமே கணக்கில் ஏற்றி 3,000 பிடித்துவிடும். 27,000 ஏப்ரலில்தான் வங்கிக்கு வரும். 26AS-இல் அது முந்தைய ஆண்டில் நிற்கும். பில் தேதிப்படி வருமானம் எழுதுகிறவருக்குத் தொல்லையில்லை, இரண்டும் ஒரே ஆண்டில் சேரும். பணம் வந்த தேதிப்படி எழுதுகிறவர், ரிட்டர்னில் வரிப் பிடித்தப் பட்டியலில் அந்த 3,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வதாகக் காட்ட வேண்டும், வருமானம் எந்த ஆண்டோ வரி வரவும் அந்த ஆண்டு என்பதுதான் விதி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, 194J உள்ளிட்ட பிரிவுகள் 393-க்குள் போய்விட்டன. அதற்குப் பிந்தைய தாள்களில் பழைய எண்களைத் தேட வேண்டாம்.