எண்ணெய் அளவா, எண்ணெய் மட்டமா? கோல் இல்லாத காரில் ஒரு சொல்

கார் திரையில் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்க் குவளைப் படம் வந்தால் நாம் எல்லோரும் சொல்வது ‘ஆயில் லெவல்’. தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ‘எண்ணெய் அளவு’ என்று எழுதிவிடுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் தவறான படத்தை மனத்தில் வரைகிறது. சரியான சொல் ‘எண்ணெய் மட்டம்’. என் மச்சானின் காரில் நடந்ததைப் பார்த்த பிறகு இதில் எனக்கு ஐயமே இல்லை.

முதலில் ‘டிப்ஸ்டிக்’. ‘டிப்’ என்றால் தோய்ப்பது, ‘ஸ்டிக்’ என்றால் குச்சி. எஞ்சினில் செருகியிருக்கும் மெல்லிய உலோகப் பட்டையை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், எண்ணெய் எதுவரை ஒட்டியிருக்கிறது என்று தெரியும். தமிழில் அளக்கவும் நிறுக்கவும் உதவும் கருவிக்குக் ‘கோல்’ என்பது பழைய பெயர். தராசைக் குறள் ‘சீர்தூக்குங் கோல்’ என்கிறது, நாம் இன்றும் அளவுகோல் என்கிறோம். ஆகவே டிப்ஸ்டிக்கை ‘தோய்கோல்’ எனலாம். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்தான், ஆனாலும் சொன்னால் உடனே புரியும் சொல் அது.

ஜெர்மன் கார்கள் பலவற்றில் இப்போது அந்தக் கோல் இல்லை. சில வண்டிகளில் குழாய் மட்டும் மூடி போட்டு இருக்கும், கோல் பட்டறைக்காரரிடம் இருக்கும். மற்றவற்றில் குழாயும் கிடையாது. மச்சானின் கார் இரண்டாவது வகை. வேலை முடிந்து யீஷூன் புளோக்கின் பலமாடி கார்பார்க்கில் ஏறும்போது மஞ்சள் குவளை வந்தது, ஒரு லிட்டர் ஊற்றச் சொல்லி. மறுநாள் காலை பானட்டைத் திறந்தவர் என்னை அழைத்து, “மச்சான், குச்சியையே காணோம்” என்றார். கையில் ஒரு லிட்டர் டப்பா இருந்தது. முழுவதையும் ஊற்றினார். எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் எச்சரிக்கை போகவில்லை. வீட்டில் கிடந்த இன்னொரு டப்பாவில் இருந்து அரை லிட்டர் ஊற்றினார். துவாஸுக்குப் போகும் வழியில், விரைவுச்சாலையில், திரை மாற்றிச் சொன்னது: எண்ணெய் மட்டம் மிக அதிகம்.

‘அளவு’ என்று நினைத்தால் இது புரியாது. அளவு என்றால் எவ்வளவு இருக்கிறது என்பது. ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் கூடியிருக்க வேண்டும், திரை உடனே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ‘மட்டம்’ வேறு. இடுப்பு மட்டம் தண்ணீர், மேட்டூர் அணையின் நீர்மட்டம் என்று சொல்கிறோமே, அது உயரம். எல்லையைக் குறிக்கும் ‘மட்டு’ம் இதே குடும்பம்தான். காரில் இருக்கும் கருவி பார்ப்பதும் உயரத்தைத்தான். அதே எண்ணெய் இடம் மாறினாலோ சூடு மாறினாலோ வண்டி சாய்ந்தாலோ உயரம் மாறிவிடும்.

அந்தக் கருவி எஞ்சினின் அடியில், ‘சம்ப்’ எனப்படும் எண்ணெய்த் தொட்டியின் தரையில் இருக்கிறது. தமிழில் ‘மட்ட உணரி’. ஒரு வகை, காதுக்குக் கேட்காத ஒலியான மீயொலியில் வேலை செய்கிறது. கீழிருந்து மேலே ஒரு துடிப்பை அனுப்பும். எண்ணெயின் மேற்பரப்பில் காற்று தொடங்கும் இடத்தில் அது பட்டுத் திரும்பி வரும். போய் வந்த நேரத்தைக் கொண்டு உயரம் கணக்கிடப்படும். ஐந்து சென்டிமீட்டர் எண்ணெய் இருந்தால் போய் வர நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. எண்ணெய் சூடானால் அதில் ஒலியின் வேகம் குறையும் என்பதால் வெப்பத்தையும் உடன் அளந்து திருத்திக்கொள்ளும். வண்டி ஓடும்போது எண்ணெய் அலையடிக்கும். அதனால் உணரியைச் சுற்றி ஒரு சிறு குவளை வைத்து, சின்ன துளை வழியாக மட்டுமே எண்ணெயை உள்ளே விடுவார்கள். உள்ளே ஓரளவு அமைதியாக இருக்கும்.

இன்னொரு வகை சூட்டைப் பயன்படுத்துகிறது. உணரியின் நுனியை எண்ணெயை விடக் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கி, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். எண்ணெயில் நன்றாக மூழ்கியிருந்தால் சீக்கிரம் ஆறும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தாமதமாக ஆறும்.

எந்த வகையானாலும் ஒரே ஒரு அளவீட்டை நம்பி அது பேசாது. பலமுறை பார்த்து, சராசரி எடுத்து, அப்புறம்தான் திரையை மாற்றும். அதற்கு எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், வண்டி சமதரையில் இருக்க வேண்டும். நம்மூர் இரவு வெப்பத்தில் எண்ணெய் முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஓடிய பிறகு தொண்ணூறு. ஆறரை லிட்டர் எண்ணெய் அந்த ஏற்றத்தில் ஏறக்குறைய கால் லிட்டர் விரியும். குறைந்த மட்டத்துக்கும் நிறைந்த மட்டத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒரு லிட்டர்தான் என்பதை நினைத்தால், கால் லிட்டர் சின்னதில்லை. மச்சான் ஊற்றியது குளிர்ந்த எஞ்சினில். திரை சொன்னது முந்தின மாலையின் பழைய முடிவு. புதிய அளவீடு இன்னும் முடியவே இல்லை. அதற்குள் அரை லிட்டர் கூடிவிட்டது.

என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் அரை லிட்டர் மட்டும் ஊற்றி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டியிருக்க வேண்டும். பிறகு கார்பார்க்கின் சரிவில் நிறுத்தாமல், சமதரையில் நிறுத்தி, திரையின் பட்டியலில் `Engine oil level` என்பதைத் திறக்க வேண்டும். சில வண்டிகள் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்து அளக்கும். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே வடிய ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட வேண்டும். நம் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செய்தால் தவறான பதில் வரும், ஏனென்றால் ஓடும் எஞ்சினில் எண்ணெயின் ஒரு பங்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதிகமாக ஊற்றுவதும் கேடுதான். மட்டம் மிகவும் ஏறினால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரையில் உயவு கெடும், மீயொலி உணரியும் குழம்பும்.

இன்னொரு சொல்லையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். அதே குவளைப் படம் சிவப்பில் வந்தால் அது மட்டம் இல்லை, ‘எண்ணெய் அழுத்தம்’. வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். இரண்டையும் ‘ஆயில் லைட்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால் ஓட்டிக்கொண்டே போய் எஞ்சினை இழந்தவர்கள் உண்டு.

மட்ட உணரிக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து மட்டத்தை உயர்த்தலாம். உணரிக்கு அது வெறும் உயரம்தான். நாம் ஊற்றாமலே மட்டம் ஏறினால், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும், பெட்ரோல் வாடை அடிக்கும்.

மச்சானின் வண்டியை சின் மிங்கில் ஒரு பட்டறையில் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அளவு குறித்த ஜாடியில் எண்ணெய் பிடித்தார்கள். அங்கே இருந்த அண்ணன் அறுநூறு மில்லியில் நிறுத்திவிட்டு, “இனி ஓட்டிச் சூடாக்கி வாங்க தம்பி, அப்பதான் மட்டம் தெரியும்” என்றார். சுற்றிவந்து அளந்ததில் திரையில் தெரிந்த பட்டை நிறைவுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஜாடியில் பிடித்தது அளவு, திரையில் நின்றது மட்டம்.