காய்ச்சல் விட்டும் விடாத இருமல்: எத்தனை நாள் பொறுக்கலாம்?

"வயது 52. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். காய்ச்சல் வந்து போய்விட்டது, ஆனால் வறட்டு இருமல் 18 நாளாக நிற்கவில்லை. பரிசோதனை செய்ய வேண்டுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்ய வேண்டும். இது இன்ன நோய் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்லப்போவதில்லை. பரிசோதனை ஏன் தேவை என்பதை மட்டும் சொல்கிறேன்.

குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும், குறிப்பாக அது இரண்டாகப் பிரியும் இடத்திலும், நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. தூசோ சளியோ பட்டால் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகும். உடனே ஆழமாக ஒரு மூச்சை இழுக்கிறோம். குரல்வளை சுமார் 0.2 நொடி இறுக மூடிக்கொள்கிறது. அதற்குள் நெஞ்சும் வயிறும் இறுகி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குரல்வளை திறந்ததும் காற்று பீறிட்டு வருகிறது. இதே வேகஸ் நரம்பின் சிறு கிளை ஒன்று காதுத் துளைக்கும் போகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். எனக்கு மிகவும் பிடித்த உடற்கூற்று வேடிக்கை இது.

வைரஸ் தாக்கும்போது மூச்சுக்குழாயின் உள்தோல் உரிந்து இந்த முனைகள் வெளியே தெரிகின்றன. வைரஸ் போன பிறகும் அவற்றின் கூச்சம் உடனே போவதில்லை. மின்விசிறிக் காற்று, சிரிப்பு, நீண்ட போன் பேச்சு என்று எதற்கெடுத்தாலும் இருமல் வரும். பெரும்பாலும் இது எட்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

அப்படியானால் இந்தியாவில் இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை என்று வைத்திருப்பது ஏன்? காசநோய்தான் காரணம். கூசிப்போன நரம்பானாலும் காசநோய்க் கிருமியானாலும் இருமலின் ஓசை ஒன்றுதான். காதால் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. அதோடு, சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த வாசகருக்கு மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் காசு இல்லை. பரிசோதனை கேட்டாலே காசநோய் என்று பயப்படவும் வேண்டாம், அது இல்லை என்று உறுதி செய்வதற்கும் இதுதான் வழி.

'சளியே வரவில்லையே' என்பார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள். திறந்த வெளியில் நின்று செய்யுங்கள். டப்பாவில் 2 மில்லியாவது கெட்டியான சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தாலும் முடிவு 'இல்லை' என்று வரலாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கால் கெடுதல் அதிகம். லெவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கிவைக்கும். இருமல் குறைந்ததுபோல் தெரியும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். சீட்டில்லாமல் இதைக் கொடுப்பதை நிறுத்தினாலே பாதித் தாமதம் குறையும் என்பது என் எண்ணம்.

அடுத்து, பிரஷர் மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று மருந்தின் பெயர் 'ப்ரில்' என முடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் நொதியை இவை தடுக்கின்றன. உடையாத பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து நரம்பு முனைகளைச் சீண்டும். மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட இந்த இருமல் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் ஏறிவிடும். டாக்டர் வேறு வகைக்கு மாற்றினால் இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகலாம்.

சில அறிகுறிகள் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பேச்சை முடிக்க முடியாத இளைப்பு ஆகியவற்றுக்கு அன்றைக்கே போங்கள். மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலும் நாள் எண்ண வேண்டாம். புகைப்பவரின் வழக்கமான இருமல் தன்மை மாறினாலும், குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினாலும் காட்ட வேண்டும்.

குழந்தை வேர்க்கடலை தின்னும்போது புரையேறி, பிறகு சரியாகி, அதன்பின் விட்டுவிட்டு இருமினால் அந்தப் புரையேறலை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கத் தோன்றும்.