புள்ளி விழுந்த இடமும் படம் எடுத்த இடமும்

கானாடுகாத்தானில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் ஒரு வீட்டின் பொருள்களைப் பங்காளிகள் ஐந்து பேர் சேர்ந்து பட்டியலிட்டார்கள். அவர்களுள் இளையவர் ஒருவர் தம் கைபேசியில் எடுத்த அறுபத்து நான்கு படங்களை, பின்னொரு நாள் உறவினர் ஒருவர் வரைபடத்தில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவில் நின்ற தேக்குத் தூணின் படம் பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது. மேலும் ஏழு படங்கள் கானாடுகாத்தானிலேயே விழாமல், பள்ளத்தூர்ச் சாலையோரத்தில் விழுந்தன. வீட்டின் மூத்த ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "மேப்புல பாத்தா பக்கத்து வீட்டுத் தூணுன்னு காட்டுதாமே தம்பி, அப்ப இது யார் வீட்டுத் தூணு?" என்று கேட்டார்.

பழைய வீடுகளை அளந்து ஆவணப்படுத்துவது என் தொழில். இதே குழப்பத்தைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் விழும் புள்ளியைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கு முன், அந்தப் புள்ளி எப்படி உண்டானது என்பதைப் பார்த்தாக வேண்டும். பாகப்பிரிவினை போன்ற காரியங்களில் அப்படிப் பார்க்காமல் விடுவது பெரிய மனக்கசப்பில் கொண்டுபோய் விடுகிறது.

கேமராவில் இருப்பிடத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால், கைபேசி படம் எடுக்கும் நேரத்தில், தான் எங்கே இருப்பதாக நினைக்கிறதோ அந்த அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. படத்தில் தெரியும் பொருளின் இடம் அங்கே எழுதப்படுவதில்லை. படம் எடுத்தவர் நின்ற இடம்தான் எழுதப்படுகிறது. முகப்பு முழுவதும் படத்துக்குள் வரவேண்டும் என்று எதிர்ச்சாரிக்குப் போய் நின்று எடுத்தால், புள்ளி எதிர்ச்சாரியில்தான் விழும். இந்த அறுபத்து நான்கில் மூன்று படங்கள் அப்படி விழுந்தவை. அவற்றில் பிழை எதுவும் இல்லை.

இனி அந்த ஏழு படங்களைப் பார்ப்போம். கோப்புகளைக் கம்பி வழியாக நேரே கைபேசியிலிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் எழுதியிருப்பதை எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் ஒரு அட்டவணையாக்கினோம்.

```
exiftool -n -csv -DateTimeOriginal -GPSDateTime -GPSLatitude -GPSLongitude -GPSHPositioningError *.jpg > veedu.csv
```

இந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு நேரங்கள். `DateTimeOriginal` என்பது படம் எடுத்த நேரம். அது கைபேசியின் கடிகாரப்படி, அதாவது நம் நாட்டு நேரத்தில் இருக்கும். `GPSDateTime` என்பது இருப்பிடம் கணிக்கப்பட்ட நேரம். அது உலகப் பொது நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏழில் முதல் படம் எடுத்த நேரம் 14:47:10 என்று இருந்தது. இருப்பிட நேரம் 08:58:22. ஐந்தரை மணி கூட்டினால் 14:28:22. படத்துக்குப் பதினெட்டு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி முந்தைய இருப்பிடம் அது. அடுத்த ஆறு படங்களும் 14:56 வரை எடுக்கப்பட்டவை. ஆனால் அவற்றிலும் அதே 08:58:22, கடைசி இலக்கம் வரை அதே அட்சரேகை, அதே தீர்க்கரேகை.

படம் எடுத்த தம்பியிடம் கேட்டேன். வரும் வழியில் பள்ளத்தூரில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்ததாகவும், அங்கே கைபேசியில் வழி பார்த்ததாகவும் சொன்னார். பிறகு நடந்ததை ஊகிக்கச் சிரமமில்லை. வீட்டுக்குள் போய் இரண்டாங்கட்டில் கேமராவைத் திறந்திருக்கிறார். கனத்த செங்கற்சுவரும் மேலே மாடியும் இருக்கும் அந்த இடத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்கவில்லை. புதிய இருப்பிடம் கிடைக்காத கைபேசி, தன் நினைவில் கடைசியாக இருந்த பள்ளத்தூர் இருப்பிடத்தையே கோப்பில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. நடந்து நடந்து எடுத்த ஏழு படங்களுக்கு ஒரே புள்ளி என்றால், அது பழைய புள்ளி என்று சந்தேகிக்க வேண்டும். சில கைபேசிகள் இருப்பிட நேரத்தைச் சரியாகக் குறிக்காமல், படம் எடுத்த நேரத்தையே அங்கும் எழுதிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட கோப்புகளில் இந்த ஒரே புள்ளி என்ற அடையாளம் மட்டுமே நமக்கு மிஞ்சும்.

ஆச்சி கேட்ட தூண் இந்த ஏழில் இல்லை. அது பக்கத்து வீட்டில் விழுந்த பதினோரு படங்களில் ஒன்று. அவற்றின் இருப்பிடங்கள் பழையவை அல்ல. இரண்டு நேரங்களும் ஓரிரு விநாடி வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அங்கே பார்க்க வேண்டியது அட்டவணையின் கடைசிப் பத்தியான `GPSHPositioningError`. இருப்பிடம் ஏறத்தாழ எத்தனை மீட்டர் தவறியிருக்கலாம் என்ற கைபேசியின் சொந்த மதிப்பீடு அது. எல்லாக் கைபேசிகளும் இதை எழுதுவதில்லை. இந்தக் கைபேசி எழுதியிருந்தது எங்கள் நல்ல நேரம். வளவின் முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் நின்று எடுத்த படங்களில் அது ஆறு மீட்டர். தாழ்வாரத்துக்குள்ளும் அறைகளுக்குள்ளும் எடுத்த அந்தப் பதினொன்றில் முப்பத்திரண்டு முதல் நாற்பத்தெட்டு மீட்டர் வரை.

அந்த வீட்டை நாங்களே அளந்திருக்கிறோம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக அறுபத்திரண்டு மீட்டர் நீளம். அகலம் இருபத்து நான்கு மீட்டர். வீட்டின் நடுவில் நிற்பவருக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் பன்னிரண்டு மீட்டர்தான். தூண் படத்துக்குக் கைபேசி சொன்ன தவறு முப்பத்தெட்டு மீட்டர். அந்தப் புள்ளியை மையமாக வைத்து முப்பத்தெட்டு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தோம். இந்த வீட்டின் பெரும்பகுதி, இருபுறத்து வீடுகளின் பகுதிகள், தெருவின் ஒரு துண்டு எல்லாமே அதற்குள் அடங்கின. அந்த வட்டத்தைப் பங்காளிகளுக்குக் காட்டிய பிறகுதான் பேச்சு தணிந்தது. புள்ளியை மட்டும் காட்டும் கைபேசி வரைபடம், அதைச் சுற்றியுள்ள இந்த வட்டத்தைக் காட்டுவதில்லை; சண்டைக்கு வித்து அங்கேதான் விழுகிறது. கைபேசி சொல்லும் ஆரமும் மதிப்பீடுதான் என்பதால், உண்மையான இடம் சில நேரம் அதற்கு வெளியிலும் இருக்கக்கூடும்.

இன்னொரு பிழை மனிதர் கையால் நேர்ந்தது. கோப்புக்குள் இருப்பிடம் டிகிரி, நிமிடம், விநாடி என மூன்று எண்களாக இருக்கிறது. வரைபடங்களோ பெரும்பாலும் தசமத்தில் கேட்கின்றன. முகப்புப் படம் ஒன்றில் 10° 10' 30" வடக்கு, 78° 46' 48" கிழக்கு என்று இருந்ததை, ஒருவர் 10.1030, 78.4648 என்று அப்படியே தட்டச்சு செய்துவிட்டார். நிமிடத்தை அறுபதாலும் விநாடியை மூவாயிரத்து அறுநூறாலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்.

```
10 + 10/60 + 30/3600 = 10.175
78 + 46/60 + 48/3600 = 78.78
```

அவர் தட்டிய எண்ணில் புள்ளி திருப்பத்தூரையும் தாண்டி, உண்மையான இடத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. மேலே கொடுத்த கட்டளையில் `-n` இருப்பது, எண்களைத் தசமமாகவே வாங்கி இந்தக் கைக்கணக்கு வேலையைத் தவிர்க்கத்தான். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட நிரலை வைத்திருப்பவர்கள் அதிலுள்ள `Import geotagged photos` என்ற கருவியிடம் கோப்புறையைக் கொடுத்தால், புள்ளிகளை அதுவே அடுக்காகப் போட்டுவிடும். ஆனால் மேற்சொன்ன இரண்டு நேர ஒப்பீட்டையும் வட்டத்தையும் நாம்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

மற்றப் பங்காளிகள் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்கள் எதற்கும் உதவவில்லை. சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸாப் இந்தக் குறிப்புகளை நீக்கிவிடுகிறது; கோப்பின் பெயரில் இருக்கும் தேதியும் படம் எடுத்த நாளைக் குறிப்பது என்று கொள்ள முடியாது. ஆவணமாக இணைத்து அனுப்பியிருந்தால் குறிப்புகள் அப்படியே வந்திருக்கும்.

ஆக, பதினோரு படங்களையும் ஏழு படங்களையும் எங்கே வைப்பது? படங்களை எடுத்த நேர வரிசையில் அடுக்கி, நம்பத்தக்க ஆறு மீட்டர்ப் படங்களை நங்கூரமாக வைத்துக்கொண்டோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஓரிரு நிமிடத்தில் எடுத்த படங்கள் எந்தக் கட்டில் இருக்க முடியும் என்று வரையறுத்தோம். பிறகு அச்சடித்த படங்களோடு வீட்டுக்குள் நடந்து, தரையின் ஆத்தங்குடிக் கல் எந்தக் கோலத்தில் இருக்கிறது, நிலையில் என்ன செதுக்கு இருக்கிறது, எந்தத் தூணில் எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. கோப்புக்குள் இருந்த இருப்பிடத்தை நாங்கள் திருத்தவில்லை. கைபேசி எழுதிய புள்ளியை ஒரு பத்தியிலும், நேரில் உறுதி செய்த இடத்தை அடுத்த பத்தியிலும், எதைக் கொண்டு உறுதி செய்தோம் என்பதை மூன்றாம் பத்தியிலும் எழுதினோம். கோப்பையே திருத்திவிட்டால், பின்னால் கேள்வி கேட்பவருக்குக் காட்ட மூலம் இருக்காது.

பட்டியலை உறவினர்களிடையே சுற்றுக்கு விடுமுன் ஒரு காரியம் மிச்சம் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைக் காட்டும் படத்தோடு அந்த வீட்டின் இருப்பிடமும் சேர்ந்து ஊர் சுற்றக் கூடாது. எனவே மூலங்களை ஓர் இயக்ககத்தில் பத்திரப்படுத்திவிட்டு, நகல்களில் மட்டும் இருப்பிடத்தை நீக்கினோம்.

```
exiftool -gps:all= *.jpg
```

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கட்டளை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றத்துக்கு முந்தைய நகலை, பெயரின் இறுதியில் `_original` என்று சேர்த்து, அதே கோப்புறையில் விட்டுவைக்கும். கோப்புறையை அப்படியே சுருக்கி அனுப்பினால், நீக்கியதாக நினைத்த இருப்பிடம் முழுவதும் உடன் போகும். எனவே அந்த நகல்களை அகற்றிய பிறகு, முதல் கட்டளையை மறுபடி ஓட்டி, அட்டவணையில் இருப்பிட விவரம் எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டே அனுப்பினோம்.

ஆச்சியின் தூணுக்கு நேரே, உறுதி செய்த இடம் என்ற பத்தியில், "வளவு, கிழக்குத் தாழ்வாரம், தெற்கிலிருந்து மூன்றாவது" என்று எழுதினோம், காரணப் பத்தியில், "அடித்தளக் கல்லின் உடைந்த மூலை படத்தோடு ஒத்துள்ளது, ஐந்து பங்காளிகளும் நேரில் பார்த்தனர்" என்று சேர்த்தோம்.